எதில் நூறு? – ஒரு சதவீதப் பயிற்சித்தாளை மூன்றாக எழுதுவது

(கணித ஆசிரியர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஏழாம் வகுப்பில் சதவீதத்தையும் தனிவட்டியையும் நடத்துகிறோம். எட்டாம் வகுப்பில் அதே பாடம் ‘வாழ்வியல் கணிதம்’ என்ற பெயரில் லாபம், நட்டம், தள்ளுபடி, வரி என்று வளர்ந்து வருகிறது. பாடம் ஒன்றுதான். உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் ஒரே மாதிரி இல்லை. 60-இல் பாதி எவ்வளவு என்றால் விரல் விடுகிற பிள்ளை ஒரு பெஞ்சில் இருக்கும். அப்பாவின் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று வளர்ந்த பிள்ளை அடுத்த பெஞ்சில் இருக்கும். தள்ளுபடியை நாம் பலகையில் எழுதுவதற்குள் மனக்கணக்காகச் சொல்லிவிடும். இருவருக்கும் ஒரே பயிற்சித்தாளைக் கொடுத்தால் ஒருவர் பேனாவைக் கடித்துக்கொண்டிருப்பார், இன்னொருவர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு பக்கத்தில் இருப்பவரைச் சீண்டுவார். ஆகவே மூன்று தாள் வேண்டும் என்பதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேற்றுமை இருக்காது. அந்த மூன்றையும் எப்படி எழுதுவது என்பதைப் பற்றி மட்டும் இன்று பேசப் போகிறேன்.

வழக்கமாக நாம் செய்வது இது. எளிய தாளில் 100-இல் 10%, 200-இல் 10%, 500-இல் 50% என்று போடுவோம். நடுத்தாளில் 640-இல் 15%. கடினத் தாளில் 4,683.50-இல் 17.5%. தாள் மூன்று ஆகிவிட்டது. ஆனால் கடினத் தாளில் கூடியிருப்பது சதவீதமா? பெருக்கல்தான் நீண்டிருக்கிறது. அந்தப் பிள்ளை சதவீதத்தைப் பற்றிப் புதிதாக ஒன்றும் யோசிக்கவில்லை, கை வலிக்கப் பெருக்கியது, அவ்வளவுதான்.

எளிய தாளில் நடப்பது இன்னும் மோசம். 10% கேட்டால் 10-ஆல் வகுக்கலாம் என்று பிள்ளை கண்டுபிடிக்கிறது. சரிதான். தாள் முழுக்க 10% இருந்தால் எல்லாம் சரியாக வருகிறது, நாமும் ‘நன்று’ எழுதித் தருகிறோம். மறுநாள் 800-இல் 25% எவ்வளவு என்றால் 800-ஐ 25-ஆல் வகுத்து 32 என்று எழுதுகிறது. 10% என்றால் 10-ஆல் வகுத்தோமே, அப்படியானால் 25%-க்கு 25-ஆல்தானே வகுக்க வேண்டும்? அதன் நியாயம் அதற்குச் சரி. எந்தச் சதவீதத்தையும் அதே எண்ணால் வகுத்து விடை பெறலாம் என்ற இந்த விதி, முழு எண் சதவீதங்களில் ஒன்றே ஒன்றுக்குத்தான் பொருந்தும், அது 10%. நாம் எளிது என்று நினைத்துத் தேர்ந்தெடுத்த எண்ணே தவறான விதியை மறைத்து வைத்துவிட்டது. எனவே எளிய தாளின் முதல் நிபந்தனை, அதில் 10% மட்டும் இருக்கக் கூடாது. முதல் கணக்கிலேயே 25% அல்லது 20% வரட்டும்.

அப்படியானால் எண்களை மாற்றாமல் கடினத்தை எதனால் கூட்டுவது, குறைப்பது? சதவீதக் கணக்கு எதை எடுத்தாலும் அதில் மூன்று அளவுகள் இருக்கின்றன: முழுமை, பகுதி, சதவீதம். இரண்டைக் கொடுத்து ஒன்றைக் கேட்கிறோம். முழுமையையும் சதவீதத்தையும் கொடுத்துப் பகுதியைக் கேட்பது எளிது. முழுமையையும் பகுதியையும் கொடுத்துச் சதவீதத்தைக் கேட்பது அடுத்தது. பகுதியையும் சதவீதத்தையும் கொடுத்து முழுமையைக் கேட்பதுதான் பிள்ளைகளைத் திணறடிப்பது. ஏனென்றால் முன்னிரண்டிலும் ‘எதில் நூறு?’ என்ற கேள்விக்கு விடை தாளிலேயே அச்சிட்டிருக்கிறது. மூன்றாவதில் அது கண்ணுக்குத் தெரியாத எண். ஆகவே நான் கதையை மாற்றுவதில்லை, எண்களையும் மாற்றுவதில்லை. கேட்கப்படும் அளவை மாற்றுகிறேன். கொடுக்கும் துணையை மாற்றுகிறேன்.

சின்ன உதாரணம். ஒரு வகுப்பில் 40 பேர், அன்று 10% பேர் வரவில்லை, வராதவர் எத்தனை பேர்? இது முதல் தாள். 40 பேரில் 36 பேர் வந்தார்கள், வருகை எத்தனை சதவீதம்? இது நடுத்தாள். 4 பேர் வரவில்லை, அது வகுப்பில் 10%, வகுப்பில் மொத்தம் எத்தனை பேர்? இது மூன்றாம் தாள். ஒரே வகுப்பு, ஒரே நாள், அதே 40, 36, 4.

எந்தத் தாளை முதலில் எழுதுவது? அமெரிக்காவில் கரோல் ஆன் டாம்லின்சன் இந்த வகைக் கற்பித்தலைப் பற்றி நிறைய எழுதியவர். மேல்மட்டத்தாருக்கான வேலையை முதலில் திட்டமிட்டு, மற்றவர்களுக்கு அதை எட்டத் துணை கட்டிக்கொண்டு வாருங்கள் என்பார். நோக்கம் சுருங்கிவிடக் கூடாது என்பது அவர் கவலை, நியாயமான கவலை. ஆனால் இந்தப் பாடத்தில் நான் நடுத்தாளை முதலில் எழுதச் சொல்வேன். பாடநூலில் இருக்கும் கணக்கு பெரும்பாலும் நடுத்தாள் கணக்குதான். அதைக் கையில் எடுத்தால் திருப்பிப் போட்டு மூன்றாம் தாள் செய்யலாம், படம் வரைந்து கொடுத்து முதல் தாள் செய்யலாம். திங்கட்கிழமை முதல் பாடவேளைக்குத் தாள் வேண்டும் என்கிற ஆசிரியருக்கு இதுதான் கைக்கு எட்டும் வழி.

ஒன்றை முழுதாகச் செய்து பார்ப்போம். ஆடித் தள்ளுபடி. 800 ரூபாய் விலை போட்ட சட்டைக்கு 25% தள்ளுபடி, எவ்வளவு கொடுக்க வேண்டும்? நடுத்தாளில் இவ்வளவுதான், படம் கிடையாது. விடை 600.

மூன்றாம் தாளில்: ‘25% தள்ளுபடி போக ஒருவர் ஒரு சட்டைக்கு 600 ரூபாய் கொடுத்தார். சட்டையில் தொங்கிய சீட்டில் என்ன விலை போட்டிருந்தது? உங்கள் விடை சரிதான் என்பதை எப்படிக் காட்டுவீர்கள்?’ 600 என்பது முழு விலையில் 75% என்று கண்டுகொண்ட பிள்ளை அதை மூன்றால் வகுத்து 200, நான்கால் பெருக்கி 800 என்று போய்விடும்.

முதல் தாளில் அதே சட்டை, அதே 800, அதே 25%. அதோடு ஒரு சதவீதப் பட்டை. நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரத்து ஃபிராய்டென்தால் நிறுவனத்தார் சதவீதம் கற்பிக்க இந்தப் பட்டையை நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். அங்கே பணியாற்றிய வான் டென் ஹூவெல்-பான்ஹுய்சன் அம்மையார் 2003-இல் இதைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார். நாம் அதைத் தாளில் சரியாக 10 செ.மீ. நீளத்துக்கு வரைவோம். அப்போது 1 செ.மீ. 10% ஆகிறது, 1 மி.மீ. 1% ஆகிறது, பிள்ளையின் பெட்டியில் இருக்கும் அளவுகோலே போதும். பட்டையின் மேல் ஓரத்தில் சதவீதம், கீழ் ஓரத்தில் ரூபாய். மேலே 0, 25, 50, 75, 100 என்று குறித்திருக்கும். கீழே 0, 400, 800 மட்டும் எழுதியிருக்கும். 25-க்கும் 75-க்கும் நேர் கீழே வெற்றுக் கட்டங்கள். பாதியின் பாதி 200 என்று பிள்ளை நிரப்பும். ‘தள்ளுபடி எவ்வளவு?’ என்று ஒரு வரி, ‘கொடுக்க வேண்டியது எவ்வளவு?’ என்று இன்னொரு வரி. நடுத்தாள் ஒரே கேள்வியாகக் கேட்டதை இங்கே இரண்டாகப் பிரித்துவிட்டோம்.

இந்தத் துணையைத் தாள் முழுக்க ஒரே அளவில் கொடுத்தால் பிள்ளை கட்டத்தை நிரப்பப் பழகுமே தவிரக் கணக்குப் போடப் பழகாது. ஆறு கணக்கு என்றால், இரண்டாவது, மூன்றாவது பட்டைகளில் 0, 100 இரண்டையும் மட்டும் குறித்துவிட்டு மற்றதைப் பிள்ளையிடம் விட வேண்டும். நான்காவதில் வெறும் பட்டை. ஐந்தாவதில் ‘பட்டை வரைந்துகொள்’ என்று ஒரு குறிப்பு. ஆறாவதில் ஒன்றும் இல்லை. அது நடுத்தாளின் முதல் கணக்கேதான். அதேபோல் நடுத்தாளின் கடைசிக் கணக்கு மூன்றாம் தாளின் முதல் கணக்கு. தாள்கள் தனித்தனித் தீவுகள் ஆகாமல் ஒன்றன் விளிம்பு இன்னொன்றின் மேல் படிய வேண்டும்.

நல்ல துணைதானே, மூன்று தாளிலும் பட்டையைப் போட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். ஆஸ்திரேலியாவில் ஜான் ஸ்வெல்லரும் அவரோடு சேர்ந்து ஆய்ந்தவர்களும் கண்டது இது: தொடக்க நிலையில் இருப்பவருக்கு உதவுகிற விளக்கமே, விஷயம் தெரிந்தவருக்கு இடைஞ்சலாகிவிடுகிறது. தெரிந்ததை மறுபடி படித்து, தன் வழியோடு ஒத்துப்பார்த்து, நேரத்தை விரயம் செய்கிறார். மூன்றாம் தாளில் பட்டையை எடுத்துவிடுவதற்கு அதுவே காரணம். வேண்டுமென்றால் அவர்களே வரைந்துகொள்வார்கள்.

இப்போது இந்த உரையில் எனக்கு மிகவும் பிடித்த கணக்குக்கு வருகிறேன். தக்காளி. கிலோ 40 ரூபாய். விலை 25% ஏறியது, பிறகு 20% இறங்கியது. இப்போது என்ன விலை? 40, 50, மறுபடி 40.

முதல் தாளில் இது இரண்டு படி, இரண்டு பட்டை. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 100%-இல் முடிந்துவிடுகிற பட்டையையே பார்த்துப் பழகிய பிள்ளை, நூற்றுக்கு மேல் சதவீதமே இல்லை என்று நினைத்துக்கொள்ளும். ஆகவே மேல் பட்டையை 10 செ.மீ.-யோடு நிறுத்தாமல் 12.5 செ.மீ.க்கு நீட்டுங்கள். 40 ரூபாய் 100%-க்குக் கீழே, 50 ரூபாய் 125%-க்குக் கீழே. கீழ்ப் பட்டையும் அதே 12.5 செ.மீ. தான். ஆனால் இதில் 50 ரூபாய்க்கு மேலே 100% என்று எழுதியிருக்கும். 40-க்கு மேலே வெற்றுக் கட்டம். இரண்டு பட்டைகளும் ஒன்றன் கீழ் ஒன்று, ரூபாய்க்கு ரூபாய் நேராக நிற்க வேண்டும். அதே 50 ரூபாய் மேலே 125, கீழே 100. சதவீதப் பாடத்தின் உயிர் அந்த இடத்தில் இருக்கிறது, அதை மெல்லக் கற்கும் பிள்ளைக்குத்தான் முதலில் காட்டுகிறோம். எளிய தாள் என்றால் சாரமற்ற தாள் என்று பொருள் இல்லை. இந்த இரண்டாம் பட்டையில் மட்டும் 1 செ.மீ. 10% ஆகாது, அளவுகோல் உதவாது என்பதைச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அளந்து குழம்புவார்கள்.

நடுத்தாளில் சதவீதத்தை மறைத்துவிடுகிறோம். ‘தக்காளி 40 ரூபாயிலிருந்து 50 ஆனது. எத்தனை சதவீதம் ஏறியது? பிறகு 50-இலிருந்து 40 ஆனது. எத்தனை சதவீதம் இறங்கியது?’ ஏறியதும் 10 ரூபாய், இறங்கியதும் 10 ரூபாய். ஆகவே பல பிள்ளைகள் இரண்டுக்கும் 25% என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். போகட்டும், பிறகு பிடித்துக்கொள்ளலாம்.

மூன்றாம் தாளில் ரூபாயையே எடுத்துவிடுகிறோம். ‘தக்காளி விலை 25% ஏறியது. பழைய விலைக்கே திரும்ப எத்தனை சதவீதம் இறங்க வேண்டும்? தொடக்க விலை தெரியாமல் இதற்கு விடை சொல்ல முடியுமா?’ சிலர் 100 என்று வைத்துக்கொண்டு 125-க்குப் போய், 25-ஐ 125-ஆல் வகுத்து 20% என்பார்கள். விலை எதுவானாலும் விடை மாறாது என்பதை யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார். வேகமாக முடிப்பவருக்கு அடுத்த கேள்வி தயாராக இருக்கட்டும்: 50% ஏறினால்? 100% ஏறினால்? விடைகள் 33⅓%, 50%. இவற்றைப் பின்னமாக எழுதச் சொல்லுங்கள். கால் பங்கு ஏறினால் ஐந்தில் ஒரு பங்கு இறங்க வேண்டும், அரைப் பங்கு ஏறினால் மூன்றில் ஒரு பங்கு, முழுப் பங்கு ஏறினால் அரைப் பங்கு. பாங்கு தெரிகிறதா? இது மீத்திறன் பிள்ளைக்குத் தகுந்த வேலை. 4,683.50 அல்ல.

மூன்று தாளும் ஒரே கதையாக இருப்பதன் பயன் பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடத்தில் கிடைக்கும். பலகையில் 40, 50, 40 என்று மட்டும் எழுதுங்கள். ‘ஏறினதும் பத்து, இறங்கினதும் பத்து. ஏன்டா சதவீதம் மட்டும் வேற வேற?’ என்று கேளுங்கள். நடுத்தாள்காரர் ஒருவர், ‘இரண்டும் இருபத்தஞ்சுதான் சார்’ என்பார். அப்போது முதல் தாள் செய்த பிள்ளைதான் பட்டையைக் காட்டி, ‘இல்ல சார், ஒண்ணு நாப்பதுல எடுத்தோம், ஒண்ணு அம்பதுல எடுத்தோம்’ என்று சொல்லும். வேறு வேறு கதை, வேறு வேறு எண் வைத்திருந்தால் இந்தப் பேச்சு நடக்காது. வகுப்பு மூன்று வகுப்பாகப் பிரிந்து போயிருக்கும்.

திருத்துவதும் சுலபம். விடைக்குறிப்பு ஒன்றே ஒன்று: ஒவ்வொரு கதைக்கும் முழுமை, பகுதி, சதவீதம். திருத்தும்போது சரி, தவறு போடுவதோடு நிற்காமல் தவறான எண்ணைப் படியுங்கள். சட்டைக் கணக்கில் 32 வந்தால் நான் முன்பு சொன்ன வகுத்தல் விதி. 775 வந்தால் 25%-ஐ 25 ரூபாயாக எடுத்துக் கழித்திருக்கிறது. 200 வந்தால் கணக்குத் தெரியும், கேள்வியை முழுதாகப் படிக்கவில்லை. அந்தப் பிள்ளைக்குச் சதவீதம் மறுபடி நடத்த வேண்டாம். மூன்றாம் தாளில் 750 வந்தால் 600-க்கு 25% எடுத்துக் கூட்டியிருக்கிறது, எதில் நூறு என்பதில் சறுக்கியிருக்கிறது. அதற்காகத்தான் ‘சரி என்று எப்படிக் காட்டுவீர்கள்?’ என்ற கேள்வியைச் சேர்த்தோம். 750-இல் 25% கழித்துப் பார்த்தால் 562.50 வரும், 600 வராது. பிள்ளையே பிடித்துக்கொள்ளும்.

இந்த முறையில் ஒரு ஓட்டையும் உண்டு, சொல்லிவிடுகிறேன். ஒரு தாளின் விடை இன்னொரு தாளின் கேள்வியில் அச்சிட்டிருக்கிறது. மூன்றாம் தாளை எட்டிப் பார்த்தால் முதல் தாளின் 600 தெரியும். தேர்வாக வைத்தால் இது தவறு, ஆகவே தேர்வாக வைக்காதீர்கள். பயிற்சியில் இதையே பயனாக்கலாம். முதல் தாள் பிள்ளையையும் மூன்றாம் தாள் பிள்ளையையும் அருகருகே உட்கார வைத்து, முடித்த பிறகு தாளை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருவர் 800-இலிருந்து 600-க்கு வந்தார், மற்றவர் 600-இலிருந்து 800-க்குப் போனார். ஒருவர் விடை மற்றவருக்குச் சோதனை.

யாருக்கு எந்தத் தாள்? போன தேர்வின் மதிப்பெண்ணைப் பார்த்துப் பிரிக்காதீர்கள். வடிவியலில் தோற்ற பிள்ளைக்குச் சதவீதம் நன்றாக வரலாம். முந்தைய நாள் பாடவேளை முடியும்போது சிறு சீட்டில் நான்கு கேள்விகள் போதும்: 60-இல் 50% எவ்வளவு, 240-இல் 5% எவ்வளவு, 48-இல் 12 எத்தனை சதவீதம், எந்த எண்ணின் 20% 14 ஆகும்? இரண்டாவதில் தடுமாறினால் முதல் தாள். அங்கே 48 என்று எழுதியிருந்தால் வகுத்தல் விதிக்காரர் என்று அப்போதே தெரிந்துவிடும். மூன்றாவதில் நின்றால் நடுத்தாள். நான்காவதில் 70 என்று வந்தால் மூன்றாம் தாள். முதல் கேள்விக்கே விடை வராத பிள்ளைக்கு இந்த மூன்று தாளும் உதவாது. அதற்குப் பாதி, கால், பின்னம் எல்லாம் தனியாக உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். முதல் தாளைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கக் கூடாது.

மற்றவை சிறு விஷயங்கள். மூன்று தாளுக்கும் ஒரே தலைப்பு, தாளுக்கு ஆறு கணக்கு, ஒரே அமைப்பு. அ, ஆ, இ என்று பெயர் வைக்காதீர்கள். வண்ணத் தாளும் வேண்டாம், இரண்டே நாளில் எந்த வண்ணம் யாருக்கு என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். உங்கள் அடையாளத்துக்கு ஒரு மூலையில் சிறு புள்ளி போதும். முதல் தாளில் வாக்கியங்கள் சிறியவையாக இருக்கட்டும். ‘20% குறைந்தது’ என்பதையும் ‘20% ஆகக் குறைந்தது’ என்பதையும் ஒரே தாளில் கலந்து எழுதாதீர்கள். முன்னதில் 80% மிஞ்சுகிறது, பின்னதில் 20%தான் மிஞ்சுகிறது. மேலே உள்ள தாளைக் கேட்டு வாங்கும் பிள்ளைக்கு மறுக்காமல் கொடுங்கள். அதே பிள்ளைகள் தொடர்ந்து மூன்று முறை முதல் தாளிலேயே இருந்தால் கோளாறு தாளில் இருக்கிறது என்று கொள்ளுங்கள். பெரும்பாலும் பட்டை விலகாமல் கடைசிக் கணக்கு வரை நின்றுகொண்டிருக்கும்.

உங்கள் மேசையில் வெள்ளைத் தாளும் அளவுகோலும் வைத்திருக்கிறோம். பாடநூலில் நீங்கள் அடுத்து நடத்தப் போகும் சதவீதக் கணக்குகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் நடுத்தாள். அதே எண்களை வைத்து அதைத் திருப்பி ஒரு முறை எழுதுங்கள், பட்டையோடு ஒரு முறை எழுதுங்கள். தேநீர் இடைவேளைக்குப் பிறகு பக்கத்தில் இருக்கும் ஆசிரியரோடு தாளை மாற்றிக்கொண்டு, அவர் கணக்கில் ஒரு பிள்ளை என்னென்ன தவறான விடை எழுதக்கூடும் என்று யோசித்து ஓரத்தில் குறித்துக் கொடுங்கள். ஒரு தவறான விடைகூட உங்களுக்குத் தோன்றாவிட்டால் அந்தக் கணக்கை மாற்றிவிடச் சொல்லுங்கள்.